ஐந்தாவது எழுத்து G

கேள்வி: என் மகள் பெயர் பூங்குழலி. பிறப்புச் சான்றிதழில் Poonguzhali என்றும், ஆதாரில் Poongulali M என்றும், பள்ளிப் பதிவில் Poonkuzhali M என்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள்; அடுத்த மாதம் 15 வயது நிறைகிறது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகிறது, பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். கணவர் பெயரும் பான் அட்டையில் Muthukrishnan, ஆதாரில் Muthu Krishnan. இதில் எது சரி, எதை மாற்றுவது, எங்கே தொடங்குவது? இன்னொன்று: என் தங்கைக்கு ஆறு மாதத்துக்கு முன் பையன் பிறந்தான். செழியன் என்று அழைக்கிறார்கள். பெயரை இன்னும் பதியவில்லை. அவனுக்காவது ஆரம்பத்திலேயே ஒழுங்காக எழுத வழி சொல்லுங்கள்.
— வாசகி, நாமக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

எது சரி என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்றுமே சரி. ஒவ்வொன்றையும் எழுதியவர் உங்கள் மகளின் பெயரைக் காதால் கேட்டு, அல்லது தமிழில் பார்த்து, தனக்குத் தெரிந்த வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ‘பூ’வை Poo என்றும் Pu என்றும் எழுதலாம். அடுத்து ‘ங்கு’. தமிழில் மெல்லினத்தின் பின் வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும். எனவே காதால் கேட்பவர் ngu என்று எழுதுவார். எழுத்தைப் பார்ப்பவர் ‘க என்றால் k’ என்று nku என்பார். இரண்டையும் விட மனமில்லாதவர் ngku என்று போடுவார். ழகரத்துக்கு zh, அல்லது l. கடைசி இகரத்துக்கு i, ee, y. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கினால் 36 விதம். உங்கள் வீட்டில் மூன்றோடு நின்றிருக்கிறது.

zh-தானே சரி, l எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். நம் மாநிலத்தின் பெயரே ஆங்கிலத்தில் Tamil Nadu. அதில் ழகரம் l-ஆகத்தான் இருக்கிறது. பழனி Palani, கனிமொழி Kanimozhi. இரண்டு வழக்கங்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதைப் பிழை என்று எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது.

ஐயத்துக்கு இடமில்லாத முறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறையிலும், 2001-இல் வந்த ISO 15919 என்ற சர்வதேசத் தரத்திலும் உங்கள் மகள் பெயர் pūṅkuḻali. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி அடையாளம். திரும்பத் தமிழாக்கினால் அச்சு அசலாக அதே பெயர் வரும். நூலகங்களும் ஆய்வாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த வரிகளில் A முதல் Z வரை, எண்கள், < என்ற நிரப்புக்குறி ஆகியவற்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. மேற்கோடும் கீழ்க்கோடும் உதிர்ந்தால் மிஞ்சுவது PUNKULALI. ழகரமும் லகரமும் ஒன்றாகிவிட்டன, ஊகாரம் உகரமாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டதற்குப் பயன் இல்லை.

ஒலிக்கு ஏற்ப எழுத்தைத் திருத்தப் போனால் என்ன ஆகும் என்பதை அரசே ஒருமுறை பார்த்தது. 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி ஆணை வந்தது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. வேலூர் Veeloor ஆனது. வந்த வேகத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்காவது பெயர்ப் பலகையை மாற்றினால் போதும். மனிதருக்குச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பட்டா என்று எல்லாம் மாற வேண்டும்.

ஆகவே உங்கள் வேலை வேறு. ஒலிபெயர்ப்பு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை நடக்க வேண்டிய காரியம். அதன்பின் நடப்பதெல்லாம் பார்த்து எழுதுவதாக இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று பேர் மூன்று முறை புதிதாக ஒலிபெயர்த்துவிட்டார்கள், சிக்கல் அவ்வளவுதான். மூன்றில் ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதன்படி மாற்ற வேண்டும்.

எதை மூலமாக வைப்பது? உங்களுக்குப் பிடித்ததையோ அழகாக இருப்பதையோ அல்ல. மாற்றுவதற்கு எது மிகக் கடினமோ அதை. பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். ஆனால் பழைய பதிவை அழிக்க மாட்டார். ஓரத்தில் குறிப்பாகத்தான் எழுதுவார். அதற்கும் பிழை என்று நிரூபிக்க வேண்டும். Poonguzhali பிழையே அல்லவே! ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மாற்றிக்கொள்ளலாம். பள்ளிப் பதிவைத் தலைமையாசிரியர் வழியாகத் திருத்தலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இன்னும் அச்சாகவே இல்லை. எனவே Poonguzhali. இன்றே முடிவு செய்துவிடுங்கள். வீட்டில் இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

(உங்கள் மகள் பத்தாம் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அச்சான அந்தச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எதிரெதிரே வைத்து, மேற்படிப்பும் வேலையும் எதைப் பிடித்துக்கொண்டு போகும் என்று பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பத்தாம் வகுப்பே வெல்லும். நல்ல நேரத்தில் கேட்டீர்கள்.)

ஒரு வெள்ளைத்தாளில் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். P-O-O-N-G-U-Z-H-A-L-I. பதினோரு எழுத்து. கீழே தமிழில் பூங்குழலி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிறப்புச் சான்றிதழோடு இந்தத் தாளையும் நீட்டுங்கள். பெயரை வாயால் சொல்லாதீர்கள். சொன்னால் எதிரில் இருப்பவர் மறுபடி ஒலிபெயர்க்கத் தொடங்கிவிடுவார். எழுத்தை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடவும் வேண்டாம். ஆதாரில் உள்ள Poongulali பத்து எழுத்து, எண்ணினாலே பிடிபடும். பள்ளியில் உள்ள Poonkuzhali-யும் பதினோரு எழுத்துதான். நீங்கள் விரல் வைத்துப் பார்க்க வேண்டியது ஐந்தாவது எழுத்தை. தொலைபேசியில் சொல்ல நேர்ந்தால் ‘காந்தியின் G’ என்று சொல்லுங்கள். தமிழில் G-க்கும் K-க்கும் ஒரே ககரம் என்பதால் இந்த இரண்டும்தான் அதிகம் இடம் மாறும்.

பெயர்ப் பட்டியல் காத்திருக்காது. எனவே முதலில் பள்ளி. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், அந்தத் தாள். மாணவர் விவரங்களைப் பள்ளி பதிகிற எமிஸ் தளத்தில் மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடாமல், சேர்க்கைப் பதிவேட்டிலும் திருத்தச் சொல்லுங்கள். நாளை மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவர் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான். பட்டியலில் ஆங்கிலப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள். பெற்றோரில் பாதிப் பேர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் அச்சான பிறகு ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை காகிதம் போக வேண்டும்.

அடுத்தது ஆதார். 15 வயது நிறைந்ததும் கைரேகையையும் கருவிழியையும் எப்படியும் புதுப்பிக்க வேண்டும், அது கட்டாயம். அதே நாளில் பெயரையும் திருத்திவிடுங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பணியாளர் ஆங்கிலத்தில் தட்டியதும் மென்பொருள் தானாகவே தமிழ் வரியை நிரப்பும். அதற்கு உங்கள் மகளைத் தெரியாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. மதி என்று பெயருள்ள ஒருவர் Mathi என்று கொடுத்து, தமிழில் மாத்தி என்று அச்சான அட்டையோடு என் மேசைக்கு வந்தார். ஆங்கில a அகரமா ஆகாரமா, th ஒற்றையா இரட்டையா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? zh வந்தால் ஜகரமும் ஸகரமும்கூடத் தலைகாட்டும். உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் திரையில் இரண்டு வரிகளையும் பாருங்கள். தமிழ் வரி தவறாக இருந்தால் ஆங்கில எழுத்தை வளைத்துத் தமிழைச் சரிசெய்ய முயலும் பணியாளர் உண்டு. விடாதீர்கள். ஆங்கில வரியைத் தொடாமல் தமிழ் வரியை நேரடியாகத் திருத்தச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். இருப்பது இரண்டே வாய்ப்பு; ஒன்றைத் தட்டச்சுப் பிழைக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

இனி அந்த M. சிறு விஷயம்போலத் தெரியும். என்னிடம் வரும் வழக்குகளில் பாதி இதுதான். நம் ஊர் முன்னெழுத்து என்பது தந்தை பெயரின் சுருக்கம். சுருக்கம் இருக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை ஏற்க மாட்டார்கள், விரிக்க வேண்டும். விரிக்கும்போது தந்தை பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது மகள் பெயரின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே உங்கள் கணவர் பெயருக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளி உங்கள் மகளுடைய சிக்கலும்தான்.

இடைவெளி என்ன செய்யும் என்று காட்டுகிறேன். பாஸ்போர்ட்டின் அடி வரிகள் ஒவ்வொன்றும் 44 இடம். குடும்பப் பெயரென்ற கட்டத்தில் தந்தை பெயரைக் கொடுத்தால் முதல் வரி இப்படி வரும். மேலே இருப்பது பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கும்போது, கீழே இருப்பது இடைவெளியோடு:

```
P<INDMUTHUKRISHNAN<<POONGUZHALI<<<<<<<<<<<<<
P<INDMUTHU<KRISHNAN<<POONGUZHALI<<<<<<<<<<<<
```

நமக்கு இரண்டும் முத்துக்கிருஷ்ணன். இயந்திரத்துக்கு முதலாவது ஒரு பெயர். இரண்டாவது முத்து, கிருஷ்ணன் என்று இரு பெயர்கள். வெளிநாட்டில் ஏதோ ஒரு படிவத்தில் நடுவில் வந்த MUTHU உதிர்ந்து, உங்கள் மகள் குமாரி கிருஷ்ணன் ஆகிவிடுவாள். பான் அட்டையில் ஒற்றைச் சொல்லாக இருக்கிறது என்கிறீர்கள். அதை ஆவணமாகக் கொடுத்துக் கணவரின் ஆதாரில் Muthukrishnan என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அங்கும் ஒற்றைச் சொல்லாக இருக்கும் என்று நம்புகிறேன். முதல் வேலையாகப் பாருங்கள். இடைவெளியோடு இருந்தால் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.

குடும்பப் பெயர் நமக்குக் கிடையாதே, கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். விடலாம், பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னபோது நம்மவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. இருந்தாலும் கட்டத்தை நிரப்பிவிடுவதே என் விருப்பம்.

பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் Poonguzhali M என்றே இருக்கட்டும்; இரண்டும் ஒன்றுபோல இருப்பது தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் நல்லது. பாஸ்போர்ட்டில் மட்டும் M விரிந்து Muthukrishnan ஆகும். முன்னெழுத்துக்கும் அதன் விரிவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்திய அலுவலகங்கள் அறியும். G-க்கும் k-க்கும் உள்ள வேறுபாட்டைத்தான் மன்னிக்காது. தமிழில் முன்னெழுத்து ‘மு.’ என்று இருக்க வேண்டும். ‘எம்.’ என்று எழுதுவது ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதுவது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசாணையே வந்துவிட்டது. ஆனால் ‘மு.’ ஆங்கிலத்துக்குப் போகும்போது M, Mu அல்ல. இதையும் அந்த வெள்ளைத்தாளில் எழுதிவையுங்கள்.

இதற்கிடையில் யாராவது ஒருவர், ‘இவ்வளவு எதற்கு, ஒரு நோட்டரியிடம் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிடுங்கள்’ என்பார். அந்த முத்திரையைக் குத்திக் கூலி வாங்குகிற தொழில்தான் என்னுடையது. என் வருமானத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: சில வங்கிகளில், சில உள்ளூர் அலுவலகங்களில் அது செல்லும், நீங்கள் அதைக் காட்டிக்கொண்டே திரிய வேண்டும். பட்டச் சான்றிதழில் l, பாஸ்போர்ட்டில் zh என்று இருந்த ஒரு பெண் என் பத்திரத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பினார். இது யார் கொடுத்த காகிதம் என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். கடைசியில் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டுத்தான் முடிந்தது. அரசிதழும் பழைய சான்றிதழைத் திருத்தித் தராது. இரண்டையும் இணைத்துக் காட்டும், அவ்வளவே. உங்கள் மகள் விஷயத்தில் இரண்டுக்கும் தேவை இருக்காது.

தங்கை மகனுக்கு வருகிறேன். பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆறு மாதம் கையில் இருக்கிறது. அவன் 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவன். அந்த நாள் முதல் பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் சான்று. அவன் தலைமுறைக்கு அந்தக் காகிதத்தின் எழுத்துக்கு வேறு மாற்று இல்லை.

செழியன் என்பதில் மூன்று இடத்தில் முடிவெடுக்க வேண்டும். முதல் எழுத்து Ch-ஆ S-ஆ? S போட்டால் சுருக்கம். வடக்கே போனாலும் தடுக்காது. Ch போட்டால் தமிழில் படிப்பவருக்கு உடனே பிடிபடும். உங்கள் குடும்பத்தில் சகரத்தில் தொடங்கும் மற்றவர்கள், செல்வி, செல்வராஜ் என்று யாராவது இருந்தால், அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். ழகரத்துக்கு zh என்பதே என் பரிந்துரை. l போட்டால் Seliyan ஆகும். திரும்பத் தமிழாக்குகிறவர் செலியன் என்றோ செல்லியன் என்றோதான் எழுதுவார். மூன்றாவது, iyan-ஆ ian-ஆ. யகரம் காதில் கேட்கிறது, எழுதிவிடுவது நல்லது. ஆக Chezhiyan அல்லது Sezhiyan.

பதிவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, பெயரைச் சொல்லாமல், குழந்தையைத் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்துத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். இரண்டு பேரும் செழியன் என்று எழுதினால் முடிந்தது. சீழியன், சேழியன் என்று வந்தால் மற்றதை எடுத்துப் பாருங்கள். எண்கணிதம் பார்த்துக் கூடுதலாக ஒரு h-ஓ இரண்டாவது n-ஓ சேர்க்கும் எண்ணம் உங்கள் தங்கை வீட்டில் இருந்தால், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் சோதிடரை இந்த ஆறு மாதத்துக்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு அவர் சொல்வதைக் கேட்கக் கூடாது.

பதியும்போது தமிழ், ஆங்கிலம் இரண்டு வரிகளையும் தங்கையே எழுதிக் கொடுக்கட்டும். தந்தை பெயரையும் தாய் பெயரையும் அவரவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தையின் ஆதாருக்கு அதையே நகலெடுத்துக்கொண்டு போகட்டும்.